அரை நாள்: வருகைப் பதிவேட்டில் பிறந்த ஓர் அளவின் வரலாறு

வட இந்திய நகரங்களில் 'லேபர் சௌக்' எனப்படும் சந்திகளில் காலையில் ஆளெடுக்கும் ஒப்பந்தக்காரரின் கையேட்டில் பொதுவாக மூன்று குறிகளே இருக்கும்: முழு நாள், அரை நாள், வரவில்லை. எட்டு மணி நேர வேலைக்கு நாற்பது நிமிடம் பிந்தி வந்தவரும், உச்சிவேளைக்கு மேல் வந்தவரும், மூன்று மணிக்கே கிளம்பியவரும் பல இடங்களில் ஒரே குறிக்குள் அடங்கிவிடுகிறார்கள். இந்தியில் அக்குறியை 'ஆதி திஹாடி' என்பார்கள். அரை நாட்கூலி என்று பொருள். இந்த அரை எதன் அரை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காலத்தின் அரையா, வேலையின் அரையா, அல்லது இரண்டும் அல்லாத வேறொன்றா?

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'திஹாடி' நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாளுக்குரிய கூலிக்கு 'ஹாஜிரா' என்று பெயர். அது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த, 'முன்னிலையில் இருத்தல்' என்னும் பொருளுடைய சொல். வருகையைக் குறித்தது, பின்னர் வருகைக்கு ஈடான கூலியையே குறிக்கலாயிற்று. இலங்கை மலையகத் தோட்டத் தமிழில் ஒரு நாட்கூலி 'பேர்' எனப்படுவதும், பாதிக் கூலி 'அரைப்பேர்' எனப்படுவதும் இதே தடத்தில் நிகழ்ந்த பொருள் மாற்றமே: பதிவேட்டில் பெயர் விழுவதுதான் கூலி. மராத்தியில் 'காடா' என்றொரு சொல் உண்டு. வேலைக்கு வராத நாளையும், வருகை வரிசையில் விழும் இடைவெளியையும் அது குறிக்கும். நாள், வருகை, இடைவெளி ஆகிய மூன்றிலிருந்தும் கூலிக்கணக்கின் சொற்கள் பிறந்திருக்கின்றன. மணியிலிருந்து எதுவும் பிறக்கவில்லை. கூலியின் அலகு பதிவேட்டின் கட்டமாகவே இருந்தது என்பதற்கு மொழியே ஒரு சான்று.

கட்டத்தில் 'இருந்தார்', 'இல்லை' என்னும் இரண்டை மட்டுமே எழுத முடிந்தால், பிந்தி வந்தவரை எங்கே வைப்பது? அரை நாள் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை. அந்த வகையில் அதுவொரு சலுகையாகவும் தோன்றலாம். ஒன்றுமில்லாமல் திருப்பி அனுப்புவதைவிடப் பாதி கொடுப்பது மேல் அல்லவா? ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய் மாகாண ஆலைகளில் இருந்த நடைமுறையைப் பார்க்கும்போது, கட்டத்தின் கணக்கு எத்திசையில் சாயும் என்பது தெளிவாகிறது. அங்கே 'இரட்டைக் காடா' என்றொரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் வராத தொழிலாளிக்கு இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். முதல் நாளின் கூலி அவர் செய்யாத வேலைக்குரியது. இரண்டாம் நாளின் கூலி அவர் செய்து முடித்த வேலைக்குரியது. முதலாவது கூலி எழாமை, இரண்டாவது தண்டனை. பதிவேட்டில் இரண்டும் ஒரே பெயரில், ஒரே வரியில் நின்றன.

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த ஜே. எச். விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் அபராதங்களையும் பிடித்தங்களையும் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1936இல் ஊதியம் வழங்கல் சட்டம் இயற்றப்பட்டு, 1937 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. நமது கேள்விக்கு அதன் இரண்டு பிரிவுகள் போதும்.

எட்டாம் பிரிவு அபராதத்தைப் பற்றியது. எந்தச் செயலுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே அரசின் ஒப்புதலுடன் அறிவித்திருக்க வேண்டும். தொழிலாளி தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். ஓர் ஊதியக் காலத்தில் மொத்த அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக்கூடாது. பின்னாளில் இந்த வரம்பு நூற்றுக்கு 3 என மாற்றப்பட்டது. வசூலான அபராதத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி, தொழிலாளர் நலனுக்காக மட்டுமே செலவிட வேண்டும். அதாவது அபராதம் முதலாளியின் வருவாய் ஆகக்கூடாது.

ஒன்பதாம் பிரிவு வராமைக்கான பிடித்தத்தைப் பற்றியது. முழு நாள் வராமை, நாளின் ஒரு பகுதியில் இல்லாமை இரண்டையும் அது சேர்த்தே பேசுகிறது. ஆகவே பிந்தி வருவதும் முந்திப் போவதும் இதற்குள் அடங்கும். பிடித்தத்தின் அளவை அது ஒரு விகிதத்தால் கட்டியது. வேலை செய்ய வேண்டிய மொத்தக் காலத்தில் தொழிலாளி இல்லாத காலம் எத்தனை பங்கோ, அந்தப் பங்குக்கு மேல் கூலியில் பிடிக்கக்கூடாது. இங்கே நாள் என்னும் கட்டம் உடைகிறது. நாளைக்கும் அரை நாளுக்கும் பதிலாகக் காலத்தின் விகிதம் வந்து அமர்கிறது.

இவ்விரு பிரிவுகளையும் ஒரு கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நாளொன்றுக்கு ஒரு ரூபாய், அதாவது 16 அணா பெறும் ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் வேலை. முழு மாதக் கூலி 26 ரூபாய். ரூபாய்க்கு அரையணா வீதம் அம்மாதத்தின் அபராத வரம்பு 13 அணா. அவர் ஒருநாள் வரவில்லை, இரட்டைக் காடா போடப்படுகிறது என்று கொள்வோம். விகிதப்படி போக வேண்டியது 16 அணா. கூடுதலாகப் போனதும் 16 அணா. ஒரே ஒரு நாள் வராமைக்கான தண்டனை, மாதம் முழுவதற்குமான அபராத வரம்பைத் தாண்டிவிடுகிறது. இரட்டைக் காடா சட்டத்துக்கு முரண் என்பது வெளிப்படை.

அதே தொழிலாளி அரை மணி நேரம் பிந்தி வந்து அரை நாள் இழந்தால்? பத்து மணியில் அரை மணி இருபதில் ஒரு பங்கு. விகிதப்படி போக வேண்டியது 0.8 அணா, அதாவது ஓர் அணாவுக்கும் குறைவு. போனது எட்டு அணா. வித்தியாசம் 7.2 அணா. மாதத்தில் இருமுறை இப்படி நேர்ந்தால் கூடுதல் பிடித்தம் 14.4 அணா, 13 அணா என்னும் வரம்பு இங்கும் தாண்டப்படுகிறது. இரட்டைக் காடாவுக்கும் அரை நாளுக்கும் அளவில்தான் வேற்றுமை, தன்மையில் இல்லை. முன்னதைத் தண்டனை என்று எவரும் கண்டுகொள்வர். பின்னது 'பாதி' என்னும் நடுநிலையான சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. அபராதம் என்று எழுதினால் ஒப்புதலும் வரம்பும் தனிப் பதிவேடும் தேவை. அரை நாள் என்று எழுதினால் எதுவும் தேவையில்லை, பணமும் கொடுப்பவரிடமே தங்கிவிடும்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒவ்வொருவருக்கும் நிமிடக் கணக்குப் பார்க்க முடியாது, எனவே முழுமைப்படுத்துவது நிர்வாக வசதி. இதில் தண்டனை எங்கே வந்தது என்று கேட்கலாம். முழுமைப்படுத்தலுக்கும் தண்டனைக்கும் உள்ள வேற்றுமையை அறிய எளிய சோதனை உண்டு. உண்மையான முழுமைப்படுத்தல் அருகிலுள்ள அளவுக்குச் செல்லும். எட்டு மணி நேர நாளை அரை நாள் அலகுகளில் அளந்தால், பிழை எப்பக்கமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகப் பிந்தியவருக்கு முழு நாள். இரண்டுக்கும் ஆறுக்கும் இடையே பிந்தியவருக்கு அரை நாள். அதற்கும் மேல் பிந்தியவருக்கு எதுவுமில்லை. நீண்ட காலத்தில் ஒரு நாளின் நட்டம் இன்னொரு நாளின் லாபத்தால் ஏறத்தாழச் சமனாகும். இது நேர்மையான தோராயம். நாற்பது நிமிடத் தாமதத்தை அரை நாளாக்குவது அருகிலுள்ள அளவுக்குச் செல்வதன்று. எப்போதும் கீழ்நோக்கிச் செல்வது.

சோதனையின் மறுபாதி மாலையில் இருக்கிறது. வேலை முடியும் நேரத்துக்கு மேல் நாற்பது நிமிடம் நின்று கான்கிரீட்டைக் கொட்டி முடித்த தொழிலாளிக்கு 'ஒன்றரை' என்று குறிக்கப்படுகிறதா? காலையில் நாற்பது நிமிடத்துக்கு அரை நாள் மதிப்பும், மாலையில் அதே நாற்பது நிமிடத்துக்கு எந்த மதிப்பும் இல்லாமற் போவதுமாக இருந்தால், அக்கையேட்டில் நிகழ்வது அளவீடு அன்று.

இன்றைய தொகையில் ஒரு நாளைப் பார்க்கலாம். எட்டு மணி நேரத்துக்கு 720 ரூபாய் பேசப்பட்ட சித்தாள் ஒருவர் நாற்பது நிமிடம் பிந்தி வருகிறார். மணிக்கு 90 ரூபாய். எனவே விகிதப்படி குறைய வேண்டியது 60 ரூபாய். அரை நாள் போட்டால் குறைவது 360. அவர் செய்த வேலையோ ஏழு மணி இருபது நிமிடம். அந்த 360 ரூபாயை அந்நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 49 ரூபாய் வருகிறது. அன்று அவர் பிந்திய நாற்பது நிமிடத்துக்கு மட்டும் கூலி இழக்கவில்லை. உழைத்த ஒவ்வொரு மணிக்கும் பேசிய கூலியில் பாதியை நெருங்கிய அளவையே பெறுகிறார்.

ஒப்பந்தக்காரர் தரப்பில் ஒரு வாதம் எஞ்சுகிறது. கட்டட வேலை குழு வேலை. கலவை சுமப்பவர் வராவிட்டால் கொத்தனாரும் காத்திருக்கிறார். சந்தியில் கூட்டம் கலைந்தபின் மாற்றாள் கிடைப்பதும் அரிது. நாற்பது நிமிடத் தாமதத்தின் இழப்பு நாற்பது நிமிடக் கூலியைவிடக் கூடுதல்தான் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் இந்த இழப்பைத் தொழிலாளியிடமிருந்து ஈடுசெய்வதற்குப் பெயர் அபராதம் அல்லது இழப்பீடு. அதற்கென்று சட்டம் ஒரு வழியையும் வரம்பையும் வைத்திருக்கிறது. வருகைக் கணக்குக்குள் அதைக் கரைத்துவிடுவது அந்த வழியைத் தவிர்ப்பதாகும்.

1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அது தொழிற்சாலைகளிலும் இரயில்வேயிலும் மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாக ஊதியம் பெற்றோருக்கே உரியதாக இருந்தது. சாலையில் கல் உடைத்தவரும் வயலில் நாற்று நட்டவரும் அதற்கு வெளியே நின்றனர். விகிதம் ஆலைக்குள் வந்தபோதும் கட்டம் வெளியே அப்படியே இருந்தது. ஆலைக்குள்ளும் விகிதத்துக்கு விலக்கு வைக்கப்பட்டது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றுகூடி, உரிய முன்னறிவிப்பும் தக்க காரணமும் இன்றி வேலைக்கு வராதிருந்தால், எட்டு நாள் கூலிக்கு மேற்படாத தொகையைப் பிடிக்க ஒன்பதாம் பிரிவே இடம் தந்தது. வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக்கு ஈடாக அத்தகைய தொகை பேசப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வேலைநிறுத்தத்தின் முன் விகிதம் பின்வாங்கியது.

வெளியே நின்ற தினக்கூலிகளைச் சட்டம் நேரடியாகத் தொட்டது 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில்தான். அதன் அட்டவணையில் சாலை அமைத்தல், கட்டட வேலை, கல் உடைத்தல், வேளாண்மை ஆகியவை இடம்பெற்றன. அதன் பதினைந்தாம் பிரிவு நாட்கூலி பெறுவோருக்கென்றே எழுதப்பட்டது. நாளுக்கெனக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட ஒருவர், அன்றைய இயல்பான வேலை நேரத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தாலும் முழு நாள் கூலிக்கு உரியவர் என்பதே அதன் பொது விதி. விலக்கு அடுத்து வருகிறது: வேலை செய்யாமை அவருடைய விருப்பமின்மையால் நேர்ந்திருந்து, வேலை தர முதலாளி தவறியதால் நேராதிருந்தால் முழுக்கூலிக்கு உரிமையில்லை. விதிகளில் குறிக்கப்படும் பிற சூழல்களிலும் அப்படியே.

இவ்வாக்கியத்தின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். முழு நாள் என்பது இயல்புநிலை, குறைப்பதுதான் விலக்கு. கையேட்டு வழக்கமோ இதைத் தலைகீழாக்குகிறது: முழு நாளைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும், இல்லையேல் அரை. விலக்கும் 'விருப்பமின்மை' என்னும் ஒரே சொல்லின் மீது நிற்கிறது. சிமெண்ட் லாரி வராததால் மூன்று மணிக்கு வேலை நின்றால், சித்தாள் முந்திக் கிளம்பியது அவர் விருப்பமின்மையால் அன்று. விதி அவருக்கு முழுக்கூலி தருகிறது. மழை பெய்து வேலை நின்றால் முதலாளியும் தவறவில்லை, தொழிலாளியும் மறுக்கவில்லை. ஆனால் விலக்கு பொருந்த விருப்பமின்மை இருந்தாக வேண்டும். பிரிவின் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மழை நாளும் பொது விதியின் பக்கமே சாய்கிறது. காலையில் பிந்தி வருவதுதான் கடினமான நிலை. பேருந்து தவறியதை விருப்பமின்மை என்று சொல்லலாமா என்பதற்குப் பிரிவு விடை தரவில்லை. ஆனால் விலக்கு பொருந்தினாலும் சட்டம் சொல்வது முழுக்கூலிக்கு உரிமையில்லை என்பது மட்டுமே. பாதிதான் என்று அது எங்கும் சொல்லவில்லை.

1950ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் இயல்பான வேலை நாள் வயதுவந்தவருக்கு 9 மணி நேரம், குழந்தைக்கு நாலரை மணி நேரம் என வகுக்கப்பட்டது. சரிபாதியான நாள் அங்கே வருகிறது. ஆனால் அது குழந்தையின் முழு நாள். பிந்தி வந்த வயதுவந்தவருக்கென்று ஒரு பாதி நாளை அவ்விதி வகுக்கவில்லை.

விகிதத்துக்கு எதிரான வலுவான வாதம் நீதிமன்றத்திலும் ஒலித்தது. பாங்க் ஆஃப் இந்தியா ஊழியர்கள் 1977இல் நான்கு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தனர். வங்கி முழு நாள் ஊதியத்தைப் பிடித்தது. 1990இல் உச்ச நீதிமன்றம் வங்கியின் தரப்பை ஏற்றது. பிடித்தம் நேரத்துக்கு ஏற்ப மட்டும் அமையுமா, முழு நாளுக்கும் அமையுமா என்பது ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பொறுத்தது என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. அவ்வழக்கு திட்டமிட்ட கூட்டு நடவடிக்கையைப் பற்றியது. பேருந்து தவறிய தனி ஆளைப் பற்றியதன்று. ஆயினும் நாள் பகுக்க முடியாத ஒரு முழுமை என்னும் பழைய எண்ணம் முற்றிலும் மறையவில்லை என்பதை அது காட்டுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு மேற்சொன்ன இரு சட்டங்களையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. குறைவான நேர வேலைக்கு முழு நாள் கூலி என்னும் பொது விதி அதன் பத்தாம் பிரிவில் தொடர்கிறது. நூற்றுக்கு 3 என்னும் அபராத வரம்பும், வராமைக்கு விகிதப் பிடித்தமும் தொடர்கின்றன. அட்டவணைத் தொழில் என்னும் பழைய வேலி நீங்கியிருப்பதால், சந்தியில் நிற்கும் சித்தாளுக்கும் கோட்பாட்டளவில் இவை உரியவை.

ஆனால் கோட்பாடு கையேட்டுக்குள் நுழைய ஒரு தடை இருக்கிறது. விகிதத்தைக் கணக்கிட இரண்டு எண்கள் வேண்டும்: வந்த நேரம், சென்ற நேரம். மூன்று குறிகள் மட்டுமே உள்ள கையேட்டில் இவ்விரண்டும் இல்லை. அரை நாள் என்று எழுதியவுடன், அது நாற்பது நிமிடத்தின் அரையா நான்கு மணி நேரத்தின் அரையா என்பது அழிந்துபோகிறது. ஒரு மாதம் கழித்துத் தொழிலாளி முறையிட்டாலும், அதிகாரி அப்பக்கத்தைப் புரட்டினாலும் சட்டத்தின் விகிதத்தை அதன்மீது வைத்துப் பார்க்க வழியில்லை. அரை நாள் என்னும் குறி கூலியைக் குறைப்பதுடன், எவ்வளவு குறைத்தது என்பதற்கான சான்றையும் தானே நீக்கிவிடுகிறது.

கூலியின் வரலாற்றை எழுதுவோருக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பழைய வருகைப் பதிவேடுகளில் உள்ள அரைகளையும் முழுமைகளையும் கூட்டி 'வேலை நாட்கள்' என்று அட்டவணைப்படுத்தும்போது, அவற்றை உழைத்த காலத்தின் அளவாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அவை உழைத்த காலத்தின் அளவல்ல. கொடுக்கப்பட்ட கூலியின் அளவு. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில்தான் அபராதம் என்று எங்கும் எழுதப்படாத அபராதம் இருக்கிறது. பதிவேட்டில் நேரம் எழுதும் ஒரு பத்தி இருந்ததா, 'ஒன்றரை' என்னும் குறி எப்போதேனும் விழுந்ததா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் கூட்டலைத் தொடங்குவதே முறை.